அகலத் திரை ஸ்லைடுகளை போனுக்கு ஏற்ப மாற்றுவது எப்படி?

என் சித்தி கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிகளுக்குச் சென்று பாம்புக்கடி முதலுதவி பற்றிப் பேசுவதற்காக பவர்பாயின்ட்டில் 12 ஸ்லைடுகள் தயாரித்து வைத்திருக்கிறார். புரொஜெக்டரில் போட்டால் கடைசி பெஞ்ச் மாணவனும் படித்துவிடலாம். போன மழைக் காலத்தில் அதே ஸ்லைடுகளைப் படங்களாக மாற்றி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இரண்டு நாள் கழித்து எனக்கு போன் வந்தது. "எல்லாரும் கும்பிடு போட்டு பதில் அனுப்பியிருக்காங்கப்பா, ஆனா ஒருத்தரும் படிச்ச மாதிரி தெரியல. எழுத்து எறும்பு மாதிரி இருக்குன்னு உங்க சித்தப்பாவே சொல்றாரு. சைஸை மட்டும் போனுக்கு மாத்திக் குடு" என்றார்.

சைஸை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை என்பதையும், பிறகு என்ன செய்தேன் என்பதையும் இங்கே பார்ப்போம். பவர்பாயின்ட் 2013 முதல் இப்போதைய பதிப்பு வரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

முதலில் எழுத்து ஏன் எறும்பாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பவர்பாயின்ட்டில் புதிய பைல் திறந்தால் கிடைக்கும் அகலத் திரை ஸ்லைடின் அகலம் 33.87 செமீ, உயரம் 19.05 செமீ. போனை நிமிர்த்திப் பிடித்தால் அதன் திரை அகலம் சுமாராக 6.5 செமீதான். 33.87 செமீ அகலம் உள்ள ஸ்லைடு 6.5 செமீக்குள் அடங்க வேண்டும் என்றால், அது ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கியாக வேண்டும். ஸ்லைடில் இருப்பவை எல்லாம் அதே விகிதத்தில் சுருங்கும். சித்தி வைத்திருந்த எழுத்து அளவு 20 பாயின்ட். போனில் அது 4 பாயின்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது. செய்தித்தாளில் நாம் படிக்கும் எழுத்து ஏறக்குறைய 9 பாயின்ட் இருக்கும். அதில் பாதி கூட இல்லாத எழுத்தை, அதுவும் கொம்பும் சுழியும் புள்ளியும் நிறைந்த தமிழ் எழுத்தை, யாராலும் படிக்க முடியாது. போனைப் படுக்கை வசமாகத் திருப்பிப் பார்க்கலாமே என்று கேட்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் படத்துக்காக அப்படித் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

இனி அளவை மாற்றுவோம். வேலையைத் தொடங்கும் முன் File மெனுவில் Save As கொடுத்து, வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளவும். இதைத் தவற விட வேண்டாம். பவர்பாயின்ட்டில் ஸ்லைடு அளவு என்பது பைல் முழுவதற்கும் பொதுவானது. ஒரே பைலில் சில ஸ்லைடுகளை அகலமாகவும் சிலவற்றை உயரமாகவும் வைக்க முடியாது. நகல் எடுக்காமல் மாற்றிவிட்டு, மறுநாள் பள்ளியில் புரொஜெக்டர் முன்பு விழிப்பதில் பயனில்லை.

நகலைத் திறந்து, மேலே Design டேபில் கிளிக் செய்யவும். வலது ஓரத்தில் Slide Size என்ற பட்டன் இருக்கும். அதில் Custom Slide Size தேர்ந்தெடுத்தால் சிறிய டயலாக் பாக்ஸ் கிடைக்கும். Width கட்டத்தில் 28.58 செமீ என்றும், Height கட்டத்தில் 35.72 செமீ என்றும் கொடுக்கவும். உங்கள் கம்ப்யூட்டர் அங்குலத்தில் காட்டினால் 11.25, 14.06 என்று கொடுக்கவும். சதுரம் வேண்டும் என்றால் இரண்டு கட்டங்களிலும் 28.58. இந்த விசித்திரமான எண்கள் எதற்கு என்றால், பவர்பாயின்ட் ஒரு ஸ்லைடைப் படமாகச் சேமிக்கும்போது இயல்பாக ஓர் அங்குலத்துக்கு 96 பிக்ஸல் என்று கணக்கிடுகிறது. 11.25 அங்குலத்தை 96ஆல் பெருக்கினால் 1080. உயரத்துக்கு அதே கணக்குப் போட்டால் 1350. போனுக்கும் சமூக வலைத்தளங்களுக்கும் படம் தயாரிப்பவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அளவு இந்த 1080, 1350 தான். இப்படி வைத்துவிட்டால் படத்தைப் பிறகு வேறு எந்தச் சாப்ட்வேரிலும் கொண்டுபோய்ப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டியதில்லை.

ஓகே கொடுத்தவுடன் பவர்பாயின்ட் ஒரு கேள்வி கேட்கும். Maximize, Ensure Fit என்று இரண்டு பட்டன்கள் தெரியும். இங்கேதான் நான் தவறு செய்தேன். எழுத்து பெரிதாக வேண்டும் என்பதுதானே நம் தேவை, அதனால் Maximize தான் சரி என்று கிளிக் செய்தேன்.

என்ன ஆயிற்று என்று சொல்ல, சித்தியின் 5ஆவது ஸ்லைடை விவரிக்க வேண்டும். மேலே 'பாம்பு கடித்தால்' என்று தலைப்பு. இடது பாதியில் பச்சை எழுத்தில் செய்ய வேண்டியவை ஐந்து, வலது பாதியில் சிவப்பு எழுத்தில் செய்யக் கூடாதவை ஐந்து. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, பிளேடால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது, பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. Maximize கொடுத்தால், உள்ளே இருப்பவை பெரிதாகவே இருந்து, ஸ்லைடின் இடது வலது ஓரங்களைத் தாண்டி வெளியே போய்விடும். அழிந்து போவதில்லை, ஸ்லைடைச் சுற்றியுள்ள சாம்பல் நிறப் பகுதியில் இருக்கும். ஆனால் படமாகச் சேமிக்கும்போது ஸ்லைடுக்கு உள்ளே இருப்பது மட்டும்தான் வரும். வலது ஓரத்தில் வெட்டுப்பட்டவை எவை தெரியுமா? ஐந்து வரிகளின் கடைசிச் சொல்லான 'கூடாது'. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் முடிவில்தானே வருகிறது! 'கயிற்றால் இறுக்கிக் கட்ட', 'பிளேடால் கீற' என்று பட்டியல் நின்றது. தலைப்பிலும் 'செய்யக்' மட்டும் மிச்சம். அவசரத்தில் இருக்கும் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்தால் எதைச் செய்வார் என்று நினைத்துப் பார்க்கவும். நல்ல வேளையாக அதை யாருக்கும் அனுப்பவில்லை.

எனவே Ctrl + Z கொடுத்து, மீண்டும் அளவை மாற்றி, இந்த முறை Ensure Fit தேர்ந்தெடுத்தேன். எதுவும் வெட்டுப்படவில்லை. ஆனால் எழுத்தும் பெரிதாகவில்லை. ஸ்லைடு அகலம் 33.87இலிருந்து 28.58க்குக் குறைந்ததால், 20 பாயின்ட் எழுத்தும் அதே விகிதத்தில் 17 பாயின்ட்டாகக் குறைந்துவிட்டது. இந்தப் புதிய ஸ்லைடு போனில் 4.4 மடங்கு சுருங்கும். 17ஐ 4.4ஆல் வகுத்தால் கிடைப்பது மீண்டும் 4 பாயின்ட்டுக்குக் கீழேதான்! மேலும் கீழும் வெற்றிடம் வந்ததைத் தவிர வேறு லாபம் இல்லை. சித்தி டெக்ஸ்ட் பாக்ஸ்களாகப் போட்டிருந்ததால் எல்லாம் நடுவில் ஒரு பட்டையாக நின்றது. ஸ்லைடின் உயரத்தில் பாதிக்கு மேல் காலி. நீங்கள் ஸ்லைடு லே-அவுட்டில் வரும் கட்டங்களிலேயே டைப் செய்திருந்தால், அவை புதிய லே-அவுட்டுக்கு ஏற்ப இடம் மாறி இருக்கும். அப்போதும் எழுத்து அளவு நமக்குப் போதாது.

அந்தக் காலி இடம்தான் நமக்குக் கிடைத்த முதல். பக்கத்தில் பக்கத்தில் இருந்தவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, அந்த இடத்தைப் பயன்படுத்தி எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக? போனில் 9 பாயின்ட் தெரிய வேண்டும் என்றால் 9ஐ 4.4ஆல் பெருக்கவும், 40 பாயின்ட் வருகிறது. ஆகவே 28.58 செமீ அகலமுள்ள ஸ்லைடில், படிக்க வேண்டிய எந்த எழுத்தும் 40 பாயின்ட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். தலைப்புக்கு 60. கம்ப்யூட்டரில் பார்க்கும்போது இது அநியாயத்துக்குப் பெரிதாகத் தெரியும். கை தானாகவே 28க்குக் குறைக்கப் பார்க்கும். சந்தேகம் வந்தால் பவர்பாயின்ட் விண்டோவின் வலது கீழ் மூலையில் உள்ள ஜூம் பாரை 23% அளவுக்குக் கொண்டுவரவும். அப்போது ஸ்லைடு ஏறத்தாழ போன் அகலத்துக்கு வந்துவிடும். மானிட்டரில் எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் அளவு போதுமா என்பது புரிந்துவிடும்.

எழுத்தைப் பெரிதாக்கும்போது இன்னொரு தொல்லை உண்டு. நீங்கள் 40 வைத்திருந்தாலும், கட்டத்துக்குள் இடம் போதவில்லை என்றால் பவர்பாயின்ட் சத்தமில்லாமல் எழுத்தைச் சுருக்கிவிடும். இதைத் தடுக்க, அந்தக் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து Format Shape தேர்ந்தெடுக்கவும். வலது பக்கம் திறக்கும் பகுதியில் Text Options, அதில் Text Box சென்று, Do not Autofit என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இப்போது இடம் போதாவிட்டால் எழுத்து கட்டத்துக்கு வெளியே வழியும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும், விஷயம் அதிகம் என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

இப்போது 5ஆவது ஸ்லைடுக்கு வருவோம். இதை இரண்டு ஸ்லைடுகளாகப் பிரிப்பது என்று முடிவு செய்தேன். இடது பக்கத்தில் உள்ள சிறு படத்தின் மீது ரைட் கிளிக் செய்து Duplicate Slide கொடுத்தால் ஒரு பிரதி கிடைக்கும். ஒன்றில் சிவப்புப் பட்டியலையும் மற்றதில் பச்சைப் பட்டியலையும் நீக்கிவிட்டேன். இரண்டுமே 'பாம்பு கடித்தால்' என்ற தலைப்போடு இருக்க வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் எந்தப் படம் தனியாகப் பிரிந்து எங்கே போகும் என்று நமக்குத் தெரியாது. புரொஜெக்டரில் ஸ்லைடுகள் வரிசையாக வரும், பேசுபவர் பக்கத்தில் நிற்பார். போனில் ஒவ்வொரு படமும் அனாதை. செய்யக் கூடாதவை பட்டியல் மட்டும் ஒருவர் கைக்குப் போனாலும் அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்க வேண்டும் என்பதால், இரண்டு படங்களின் அடியிலும் '108ஐ அழையுங்கள், உடனே அரசு மருத்துவமனை' என்று ஒரு பட்டை சேர்த்தேன்.

சதுரமா, உயரமா என்பதும் இந்த ஸ்லைடில்தான் தீர்மானமானது. 40 பாயின்ட்டில் தமிழ் எழுதினால் வரிக்கு இரண்டு, மூன்று சொற்களுக்கு மேல் வராது. ஐந்து எச்சரிக்கைகளும் தலா இரண்டு வரி, ஆகப் பத்து வரிகள். வரி ஒன்றுக்கு 2 செமீ என்று பத்து வரிக்கு 20 செமீ, நடுவே இடைவெளிகளுக்கு 4 செமீ, தலைப்புகளுக்கு 5, அடிப் பட்டைக்கு 3, மேலும் கீழும் ஓரம் சேர்த்து 3. மொத்தம் 35 செமீ. உயரமான ஸ்லைடின் 35.72 செமீயில் கச்சிதமாக அடங்கியது. சதுரத்தின் 28.58 செமீயில் அடங்காது. பட்டியலை இரண்டாக உடைக்க வேண்டியிருக்கும். பாதி எச்சரிக்கை ஒரு படத்திலும் மீதி இன்னொன்றிலும் இருப்பதை நான் விரும்பவில்லை. ஒரே ஒரு வாசகமோ ஒரு போட்டோவோ இருந்தால் சதுரமே போதும். எங்கே போட்டாலும் ஓரம் வெட்டுப்படும் பயம் குறைவு. வாட்ஸ்அப்பில் நான்கு படங்களோ அதற்கு மேலோ ஒன்றாக அனுப்பினால் அவற்றை நான்கு கட்டங்களாகச் சுருக்கி, ஓரங்களை மறைத்துக் காட்டும். அதனால் உயரமான ஸ்லைடு என்றால் மிக முக்கியமான சொல்லை மேல் ஓரத்தை ஒட்டி வைக்காமல் சற்று உள்ளே தள்ளி வைக்கவும்.

'கூடாது' பிரச்சினை இன்னும் தீரவில்லை. இரண்டு வரியாக மடிந்தபோது 'கயிற்றால் இறுக்கிக் கட்டக்' என்று ஒரு வரியும், 'கூடாது' அடுத்த வரியிலும் வந்தது. வேகமாகப் பார்ப்பவர் முதல் வரியோடு நின்றுவிடலாம். அதனால் வரி எங்கே உடைய வேண்டும் என்பதை நானே தீர்மானித்தேன். 'இறுக்கி' என்ற சொல்லுக்கு முன்னால் கர்சரை வைத்து Shift + Enter அழுத்தினால், புதிய பத்தி தொடங்காமல் வரி மட்டும் உடையும். 'கயிற்றால்' மேலேயும் 'இறுக்கிக் கட்டக் கூடாது' கீழேயும் வந்தன. இத்துடன் ஒவ்வொரு எச்சரிக்கையின் தொடக்கத்திலும் ஒரு பெரிய சிவப்புப் பெருக்கல் குறி போட்டேன். சிவப்பு எழுத்து மட்டும் போதாது, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

மற்ற ஸ்லைடுகளில் பெரிய வேலை இல்லை. போட்டோக்களை எப்போதும் மூலையைப் பிடித்து இழுத்தே பெரிதாக்கவும். பக்கவாட்டுப் புள்ளியைப் பிடித்து இழுத்தால் நல்ல பாம்பும் மலைப்பாம்பு ஆகிவிடும். ஒரே ஒரு ஸ்லைடு மட்டும் ஏமாற்றியது. அதில் நான்கு பாம்புகளின் படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அனிமேஷனில் ஒவ்வொன்றாக வந்து மறையும்படி அமைக்கப்பட்டிருந்தது. படமாகச் சேமிக்கும்போது அனிமேஷன் கிடையாது, எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். மேலே இருந்த கண்ணாடி விரியன் மட்டும் தெரிந்தது, மற்ற மூன்றும் அதன் அடியில். நான்கையும் தனித்தனி ஸ்லைடுகளாக்க வேண்டியதாயிற்று. உங்கள் பைலில் இப்படி ஏதும் உண்டா என்று Animations டேபில் பார்த்துக்கொள்ளவும்.

சேமிப்பதற்கு File மெனுவில் Save As சென்று, பைல் வகையில் PNG Portable Network Graphics Format தேர்ந்தெடுக்கவும். எல்லா ஸ்லைடுகளுமா, இது மட்டுமா என்று கேட்கும். All Slides கொடுத்தால், பைல் பெயரில் ஒரு போல்டர் உருவாகி, ஸ்லைடுக்கு ஒன்றாகப் படங்கள் அதில் இருக்கும். ஏதாவது ஒரு படத்தின் மீது ரைட் கிளிக் செய்து Properties, பிறகு Details டேபைப் பார்க்கவும். 1080, 1350 என்று காட்டினால் எல்லாம் சரி. கூகுள் ஸ்லைட்ஸ் பயன்படுத்துபவர்கள் File மெனுவில் Page setup, Custom சென்று அளவைப் பிக்ஸலிலேயே கொடுக்கலாம். ஆனால் அங்கே PNG ஆகச் சேமிக்கும்போது திரையில் இருக்கும் ஒரு ஸ்லைடு மட்டும்தான் கிடைக்கும். ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும்.

பைலையே அனுப்பிவிட்டால் என்ன என்று சித்தி கேட்டார். அவர் பயன்படுத்தியிருந்தது யூனிகோட் வருவதற்கு முன்பிருந்த பழைய தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வரும். படமாகவோ PDF ஆகவோ அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. PDF இல் வரிசை கலையாது என்பது வசதி. ஆனால் அதைத் தட்டித் திறக்க வேண்டும். படம் என்றால் குழுவைத் திறந்தவுடன் கண்ணில் படும். அதனால் படங்களையே தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் 1/18, 2/18 என்று எண் போட்டேன். ஆமாம், 12 ஸ்லைடுகள் இப்போது 18 ஆகிவிட்டன. வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்பும். அனுப்பும் முன் மேலே தெரியும் HD என்ற பட்டனைத் தட்டிவிட்டால் எழுத்தின் ஓரங்கள் சிதைவது குறையும். இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவாகப் போடுவதாக இருந்தால் 2024 ஆகஸ்ட் முதல் 20 படங்கள் வரை அனுமதிக்கிறார்கள். எல்லாப் படங்களும் ஒரே அளவில் இருப்பது நல்லது, நம்முடையவை அப்படித்தான் இருக்கின்றன.

குழுவுக்கு அனுப்பும் முன் சித்தப்பாவின் போனுக்கு 6ஆவது படத்தை மட்டும் தனியாக அனுப்பி, கண்ணாடி போடாமல் உரக்கப் படிக்கச் சொன்னோம். "கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது" என்று முதல் வரியைப் படித்துவிட்டு, "அப்ப நாங்க எல்லாம் இத்தனை வருஷம் கட்டினது தப்பா?" என்று கேட்டார். போன முறையும் இதே வரி அவர் போனில் இருந்ததுதான்.